78 ரூபாய்க்கு மேல் நெத்திலி வாங்காதீர்கள்

கேள்வி: "மண்டபத்துல 14 பெண்கள் குழுவா சேர்ந்து கருவாடு, பனைப் பொருள் செய்து விக்கிறோம். ரெண்டு வருஷத்துல பனங்கற்கண்டு மிட்டாய், கருவாட்டுப் பொடி, மூலிகை சோப்புன்னு மூணு கொண்டு வந்தோம். மூணும் ஓடவும் இல்லை, நிக்கவும் இல்லை. இப்போ கையில 4 லட்சம் இருக்கு. ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க: கடற்பாசிச் சாறு உரம், பாசி சோப்பு, சங்கு சிப்பி அலங்காரம், இறால் ஊறுகாய், தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு. பயிற்சியில ஸ்டேஜ் கேட் முறைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. தாள்ல பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேட்ல யோசனையை நிறுத்தணும்னா எதை வச்சு நிறுத்துறது? யார் மனசும் நோகாம எப்படி?" - வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரிக்கு,

சோதனை தொடங்குவதற்கு முன்பே நோட்டில் எழுதி, 14 பேரும் கையெழுத்துப் போட்ட எண்ணை வைத்து நிறுத்துங்கள். முடிவு வந்த பிறகு உட்கார்ந்து பேசினால், யாருடைய யோசனை, அவர் குழுவில் எத்தனை வருடம் இருக்கிறார் என்பதெல்லாம் பேச்சில் நுழைந்துவிடும். எண் முதலில் இருந்தால், "அக்கா, நாம எழுதுனது 30, வந்தது 14" என்பதோடு பேச்சு முடியும். ஆளை நிறுத்தவில்லை, கணக்குதான் நிறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டேஜ் என்பது வேலை நடக்கும் காலம். கேட் என்பது அந்த வேலையின் முடிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு கூட்டம். கனடாப் பேராசிரியர் ராபர்ட் கூப்பர் 1990இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. பெரிய கம்பெனிகளுக்காக எழுதப்பட்டாலும் எலும்புக்கூடு உங்களுக்கும் பொருந்தும். கேட்டில் நான்கு தீர்ப்புகள்தான் உண்டு: தொடர், நிறுத்து, காத்திரு, திருப்பு. 'காத்திரு' என்றால் எதற்காக, எந்தத் தேதி வரை என்று எழுத வேண்டும். 'திருப்பு' என்றால் எந்த ஒரு மாற்றத்தோடு திரும்பி வர வேண்டும் என்று எழுத வேண்டும், அதுவும் ஒரு யோசனைக்கு ஒரு கேட்டில் ஒரே ஒரு முறை. "பார்க்கலாம்" என்று ஐந்தாவது தீர்ப்பு கிடையாது. உங்களுடைய பழைய மூன்று பொருள்களும் அந்த ஐந்தாவது தீர்ப்பில்தான் இரண்டு வருடமாக நிற்கின்றன.

கேட் திறந்தால் அடுத்த ஸ்டேஜுக்கான பணம் மட்டும் வெளியே வரும். உங்கள் 4 லட்சத்தை இப்படிப் பிரித்து வையுங்கள்: முதல் ஸ்டேஜுக்கு யோசனை ஒன்றுக்கு 2,000 ரூபாய், இரண்டாவதற்கு 12,000, மூன்றாவதற்கு 50,000, நான்காவதற்கு 80,000. மிச்சமிருக்கும் இரண்டரை லட்சம் முழு அளவில் இறங்குவதற்கு. யோசனை பற்றி எதுவும் தெரியாத நாளில் செலவு குறைவாக இருக்க வேண்டும், தெரியத் தெரியக் கூடலாம். சோப்பு அச்சும் லேபிளும் முதலில் வாங்கிவிட்டு வாங்குபவரைத் தேடினால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

முதல் கேட்டுக்கு ஒரு யோசனைக்கு ஒரு பக்கம் போதும். அதில் ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் மூன்று கேள்விகள். இதைச் செய்யவும் விற்கவும் சட்டம் விடுகிறதா, நம்மால் அந்த உரிமம் வாங்க முடியுமா? மூலப்பொருள் வருடத்தில் குறைந்தது ஆறு மாதம் 50 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறதா? நமக்குச் சொந்தமில்லாத பத்துப் பேர், இப்போது இதற்குப் பதிலாக எதை வாங்குகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதியிருக்கிறோமா? ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும் கேட் மூடும். மூன்றையும் கூட்டிச் சராசரி பார்க்கக் கூடாது. பயிற்சிகளில் ஐந்துக்கு மதிப்பெண் போடும் தாள் ஒன்று கொடுப்பார்கள். சுவைக்கு 5, லாபத்துக்கு 4, நம் திறமைக்கு 5, சட்டத்துக்கு 0 என்று போட்டால் சராசரி 3.5 வந்து யோசனை தேறிவிடும். அந்த 0 ஒருநாள் அதிகாரி வடிவில் வாசலுக்கு வரும். மதிப்பெண் தாளைத் தூக்கிப்போட வேண்டாம். மூன்று கேள்வியிலும் தேறியவற்றில் எதை முதலில் எடுப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஐந்தையும் இந்தக் கேட்டில் நிறுத்திப் பார்ப்போம்.

கடற்பாசிச் சாறு: 2021இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, கடற்பாசிச் சாறு போன்ற உயிர்த்தூண்டிகளையும் அதற்குள் கொண்டுவந்தது. பயிரில் பலன் தருகிறது என்பதற்கான வயல் சோதனையும் நச்சுத்தன்மைச் சோதனையும் காட்டிப் பதிவு வாங்காமல், பயிருக்கென்று பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. அந்தச் சோதனைச் செலவு 4 லட்சத்துக்குள் அடங்காது. நிறுத்து. பாக் நீரிணைப் பக்கம் மிதவையில் பாசி வளர்ப்பவர்களிடம் வாங்கி, பதிவு வைத்திருக்கும் ஆலைக்குக் காய்ந்த பாசியாகக் கொடுப்பது வேறொரு யோசனை. அது வேண்டுமானால் புதுத் தாளில் எழுதப்பட்டு முதல் கேட்டிலிருந்து வரட்டும். நிறுத்திய யோசனை வேஷம் மாற்றி நடுவில் நுழையக் கூடாது.

பாசி சோப்பு: அழகுசாதன விதிகள் 2020இன்படி உற்பத்தி உரிமம் வேண்டும், அதற்கான இடமும் பொறுப்பான தொழில்நுட்ப ஆளும் வேண்டும். உங்களிடம் அந்த உரிமம் இல்லையென்றால் நிறுத்து. உங்கள் பழைய மூலிகை சோப்புக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் அதன் விற்பனையை இந்தக் கடிதம் கிடைத்த நாளோடு நிறுத்துங்கள்.

சங்கு சிப்பி அலங்காரம்: சில வகைச் சங்கு, சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. பவளமும் அப்படியே. எந்த வகை என்று பெயர் சொல்லி, முறையான பில் தரும் வியாபாரி ஒருவர்கூட உங்கள் தாளில் இல்லையென்றால் நிறுத்து. கரையில் கிடக்கிறது, பொறுக்கினால் தப்பில்லை என்ற பேச்சு மன்னார் வளைகுடாவில் செல்லாது. உங்களுக்கு எதிரே தெரியும் தீவுகள் தேசியப் பூங்கா.

இறால் ஊறுகாய்: இதற்குச் சட்டத் தடை இல்லை, ஆனால் ஆபத்து உண்டு. எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் இருக்கும் இறால் துண்டில் புளிப்பு ஏறாவிட்டால், பாட்டுலினம் என்ற கிருமி நஞ்சு விட வழி இருக்கிறது. புளிப்பை அளக்கும் பிஎச் எண்ணில் அதன் எல்லைக்கோடு 4.6; புளிப்பு ஏற ஏற எண் இறங்கும். குழம்பில் மட்டும் அளந்தால் போதாது. துண்டையும் சேர்த்து அரைத்து அளந்த எண் 4.6க்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். மூன்று தடவை தனித்தனியாகச் செய்த ஊறுகாயின் ஆய்வக அறிக்கை வரும் வரை காத்திரு. தேதி போடுங்கள். ஆறு மாதத்துக்குள் அறிக்கை இல்லையென்றால் தானாக நிறுத்து.

நெத்திலி மூன்று கேள்வியிலும் தேறுகிறது. வாங்குபவர் யார் என்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ராமேசுவரத்துக்கு வருகிற கூட்டத்தைக் காட்டி யாராவது கணக்குச் சொல்வார்கள். தீர்த்தமாட வருபவர்களில் பெரும்பாலோர் அன்றைக்குக் கருவாட்டைத் தொடமாட்டார்கள். உங்கள் ஆள் மதுரையில் இருக்கிறார்: நெத்திலிக் குழம்பு பிடிக்கும், உட்கார்ந்து தலை கிள்ளவும் மண் போக ஏழு தண்ணீர் அலசவும் நேரமில்லை. மணல், தலை, குடல் மூன்றும் போன நெத்திலிக்கு அவர் கூடுதலாக எவ்வளவு தருவார் என்பதுதான் இந்த யோசனையின் உயிர்.

இரண்டாவது கேட் பணக் கணக்கு. இங்கேதான் பல நல்ல யோசனைகள் சாக வேண்டும், ஆனால் சாவதில்லை. காரணம், கணக்கைக் காய்ந்த மீன் விலையிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் பச்சை மீனிலிருந்து தொடங்குங்கள். 100 கிலோ பச்சை நெத்திலியில் ஏறக்குறைய 76 கிலோ தண்ணீர், 24 கிலோ திடப்பொருள். ஈரம் 18 சதவீதத்துக்கு வரும் வரை காயவைத்தால் 24-ஐ 0.82-ஆல் வகுத்து 29 கிலோ வரும். கழிவு போக 28 என்று வையுங்கள். தலையும் குடலும் எடுத்தால் அதில் கால் பங்கு போகும். கையில் நிற்பது 21 கிலோ. இந்த 21 வெறும் தாள் கணக்கு. 12,000 ரூபாய் ஸ்டேஜில் நீங்கள் செய்யப்போகும் முதல் வேலை, மூன்று வெவ்வேறு நாள் மீனில் 20 கிலோ வீதம் காயவைத்துக் கிள்ளி எடைபோட்டு, உங்களுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. கூடவே ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ கிள்ளி முடிக்கிறார் என்பதையும் கடிகாரம் வைத்து எழுதுங்கள். பேசிக்கொண்டே கிள்ளும் வேகம்தான் உண்மையான வேகம். போட்டி வைத்து அளக்காதீர்கள்.

ஒரு உதாரணமாகப் போட்டுக் காட்டுகிறேன். பச்சை நெத்திலி கிலோ 70 ரூபாய். 7,000 ரூபாயை 21-ஆல் வகுத்தால் கிள்ளிய கருவாடு கிலோ 333. 100 கிராம் பாக்கெட்டுக்கு மீன் 33 ரூபாய். ஐஸ், உப்பு, வண்டி 3. நாளுக்கு 400 ரூபாய் கூலியில் ஒருவர் 5 கிலோ கிள்ளினால் 8. உறையும் லேபிளும் 8. அட்டைப்பெட்டி 1. மொத்தம் 53 ரூபாய். பாக்கெட்டில் 90 ரூபாய் அச்சடிக்கிறீர்கள். கடைக்காரர் 20 சதவீதம், அதாவது 18 எடுப்பார். விநியோகஸ்தருக்கு 7. போக்குவரத்து 3. உங்கள் கைக்கு 62 வரும். மிஞ்சுவது 9 ரூபாய், வரவில் நூற்றுக்குப் பதினான்கு.

நோட்டில் நாம் எழுதிய எண் 30 சதவீதம். ஏன் 30? வாடகை, மின்சாரம், கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளம், கெட்டுத் திரும்பும் பாக்கெட், கடைக்காரர் பணம் தராத மாதம் எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும். 14-ல் அது முடியாது. கூட்டத்தில் இந்த இடத்தில்தான் "பெருசா செஞ்சா செலவு குறையும்" என்று ஒரு குரல் எழும். இந்தத் தொழிலில் 53 ரூபாயில் 41 ரூபாய் மீனும் விரலும். 10 பாக்கெட் செய்தாலும் 10,000 செய்தாலும் அவை இரண்டும் குறையாது. குறைவது உறையும் பெட்டியும் மட்டும்.

எனவே தீர்ப்பு: திருப்பு. ஒரே மாற்றம் என்றேன் அல்லவா, அது விற்கும் வழி. விநியோகஸ்தரை விடுங்கள். பாக்கெட் 200 கிராம், விலை 200 ரூபாய், மதுரையில் நீங்களே பஸ் பார்சலில் அனுப்பும் 12 கடைகள். இப்போது மீன் 67, ஐஸ் வகை 6, கூலி 16, உறையும் லேபிளும் 10, பெட்டி 1, ஆக 100 ரூபாய். கடைக்காரருக்கு 40, பார்சல் 6 போக வரவு 154. மிச்சம் 54, அதாவது 35 சதவீதம். தேறுகிறது.

ஆனால் நெத்திலி என்றைக்கும் 70 ரூபாய்க்குக் கிடைக்குமா? இந்தக் கேள்வி வராமல் கேட் திறந்தால் பின்னால் அழ நேரும். 154-ல் 30 சதவீதம் 46. அப்படியென்றால் செலவு 108-ஐத் தாண்டக் கூடாது. மீன் தவிர்த்த செலவு 33. மீனுக்கு மிஞ்சுவது 75, கிலோ கருவாட்டுக்கு 375. அதை 21-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 78 ரூபாய் சொச்சம். கரையில் ஏலம் எடுக்கப் போகிறவரின் கையில் கொடுக்க வேண்டிய எண் இதுதான்: 78. அதற்கு மேலே போனால் அன்றைக்குக் கூடை காலியாகவே திரும்பட்டும். 110 ரூபாய்க்கு வாங்கினால் அதே பாக்கெட்டில் மிச்சம் 16 ரூபாய்தான். இது உதாரணக் கணக்கு என்பதை மறக்காதீர்கள். உங்கள் எடையும் உங்கள் கூலியும் போட்டால் வேறு எண் வரும், அந்த எண்ணைத்தான் நோட்டில் எழுத வேண்டும். கேட்டின் நிபந்தனையாக இன்னொன்று: இரண்டு மாதம் தினமும் கரை விலையைக் குறித்து, படகு வந்த நாள்களில் பாதிக்கு மேல் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் தொடர், இல்லாவிட்டால் நிறுத்து. இந்தக் கேட்டில் திருப்பும் வாய்ப்பு தீர்ந்துவிட்டது.

மூன்றாவது கேட் சரக்கு தாங்குமா என்பதைப் பார்க்கும். எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பதைக் கடல்தான் சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், கரைவலை இழுப்பார்கள், ஆனால் விலை 78-ல் நிற்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழையில் வெயிலில் காயவைக்க முடியாது. ஆகச் செப்டம்பரில் அடைத்த பாக்கெட்டை டிசம்பர் கடைசி வரை விற்க வேண்டும். கடையில் ஒரு மாதம், வீட்டு அடுப்படியில் ஒரு மாதம் சேர்த்தால் 150 நாள். "மூணு மாசம் நல்லா இருந்துச்சு" என்பது தேர்ச்சி ஆகாது.

150 நாள் சோதனைக்கு 40 பாக்கெட் போதும். குளிர்சாதனம் இல்லாத சாதாரண அலமாரியில், கடற்காற்று வருகிற அறையிலேயே வையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எண் எழுதி, 0.1 கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் நெத்திலிக்கே உரிய கோளாறு ஒன்றை இது காட்டிக்கொடுக்கும். காய்ந்த நெத்திலியின் முள்ளும் வாலும் ஊசி மாதிரி. வேக்குவம் போட்டதும் உறை இறுகி, முள் உள்ளிருந்து குத்தி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். முதல் நாள் கல் மாதிரி இருந்த பாக்கெட் பத்தாம் நாள் தளர்ந்து, ஈரம் இழுத்து எடை கூடும். பிறகு வயிற்றுப் பக்கம் மஞ்சள் ஏறி, கொழுப்பு கெட்ட சிக்கு வாடை வரும். எழுதிவைக்கும் கோடு: 40-ல் இரண்டுக்கு மேல் பாக்கெட்டுகள் 2 கிராமுக்கு மேல் எடை கூடினால் இந்த உறை தோல்வி. தடித்த நைலான் அடுக்கு உறைக்கோ, வேக்குவம் இல்லாத கெட்டி உறைக்கோ மாறி மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டுக்கு ஒரு முறை என்ற விதி இங்கே உறைக்கும் பொருந்தும். இரண்டாவது உறையும் தோற்றால் நிறுத்து.

ஆய்வகத்துக்கு இரண்டு சோதனை கட்டாயம். கிருமிக்குக் கிடைக்கும் தண்ணீரைக் காட்டும் நீர்ச்செயல்பாடு 0.70 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான பூஞ்சைக்கு இடமில்லை. ஈரச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் உப்பின் அளவைப் பொறுத்து ஏமாற்றும். இன்னொன்று ஹிஸ்டமின் என்ற நஞ்சு. ஐஸ் இல்லாமல் மணலில் கிடந்த நெத்திலியில் அது உருவாகும்; பிறகு காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் வரம்பைத் தாண்டினால் சரக்கை அழித்துவிடுங்கள், மீன் கொடுத்தவரிடம் ஐஸ் எப்போது போட்டார் என்று கேளுங்கள். மணலுக்கு ஆய்வகம் தேவையில்லை. 50 கிராம் கருவாட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கண்ணாடிக் குவளையில் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் தெரிந்தால், 'சுத்தம் செய்தது' என்று லேபிளில் போட உரிமை இல்லை. மணலில் விரித்துக் காயவைக்கும் வரை இந்தச் சோதனையில் தேற மாட்டீர்கள். இடுப்பு உயரத்தில் வலை கட்டிய பந்தல் இந்த ஸ்டேஜின் 50,000-க்குள் வர வேண்டும்.

நான்காவது கேட்டில் மனிதர்கள். "ருசி எப்படி?" என்று கேட்காதீர்கள். ஓசியில் கொடுத்த கருவாட்டுக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முழு விலைக்கு, உறவும் தெரிந்தவரும் அல்லாத 100 குடும்பத்துக்கு விற்று, அவர்களில் எத்தனை பேர் 45 நாளுக்குள் தாங்களாகத் திரும்ப வாங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டாவது பாக்கெட்தான் தீர்ப்பு. எந்த எண்ணில் நிறுத்துவது என்பதையும் கணக்கே சொல்லும். உங்கள் மாதாந்திர நிலைச்செலவு 15,000 என்று வைத்தால், பாக்கெட்டுக்கு 50 ரூபாய் மிச்சத்தில் மாதம் 300 பாக்கெட் போக வேண்டும். ஒரு குடும்பம் மாதம் ஒன்று வாங்கினால் 300 நிலையான குடும்பங்கள். 12 கடைகள் மூலம் முதல் வருடத்தில் 1,000 புதுக் குடும்பங்களிடம் போய்ச்சேர முடியும் என்று நம்பினால், அவர்களில் 30 சதவீதம் தங்க வேண்டும். எனவே 100-க்கு 30 வந்தால் தொடர். 20-க்குக் கீழே நிறுத்து. நடுவில் வந்தால், திரும்ப வாங்காதவர்களில் 20 பேரிடம் காரணம் கேளுங்கள். பத்துப் பேராவது ஒரே காரணத்தைச் சொல்லி, அது விலையல்லாத காரணமாக இருந்தால் மட்டும் அதைச் சரிசெய்து இன்னொரு 100 பேர். விலைதான் என்றால் நிறுத்து. விலையைக் குறைத்தால் இரண்டாவது கேட்டின் கணக்கு உடைந்துவிடும் என்பதால் அந்த வழி ஏற்கெனவே மூடியிருக்கிறது.

யார் தீர்ப்புச் சொல்வது? ஐந்து பேர். யோசனை சொன்னவர் அன்றைக்குப் பேசலாம், கணக்கை விளக்கலாம், கை தூக்கக் கூடாது. ஐந்தில் ஒருவர் குழுவுக்கு வெளியே, எண்ணில் கறாரானவராக இருக்கட்டும்: உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பவரோ, மதுரைக் கடைக்காரர் ஒருவரோ. கூட்டத்தின் தொடக்கத்தில் முன்பு எழுதிய எண்ணைச் சத்தமாக வாசியுங்கள், பிறகு வந்த எண்ணை. கோட்டை அன்றைக்குத் திருத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. திருத்த வேண்டும் என்று பட்டால் அடுத்த யோசனைக்குத் திருத்துங்கள். நிறுத்தியதைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள்: யோசனை, யார் சொன்னது, எந்தக் கேட், எந்த எண், எது மாறினால் மறுபடி பார்க்கலாம். யோசனை சொன்னவர் பெயர் அதில் மரியாதையோடு நிற்பதே பாதி மனவருத்தத்தைப் போக்கும். சோப்பு சொன்ன அக்காவை நெத்திலியின் எடை நோட்டுக்குப் பொறுப்பாக்குங்கள். குறை கண்டுபிடிக்கத் துடிக்கும் கண் அந்த வேலைக்கு ரொம்ப நல்லது.

பழைய மூன்றையும் இரண்டாவது கேட்டிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். மிட்டாய்க்கும் பொடிக்கும் 30 சதவீதக் கணக்கை அடுத்த மாதக் கூட்டத்திலேயே போடுங்கள். இதுவரை போட்ட பணம் அந்தத் தாளில் எழுதப்படக் கூடாது. இனிமேல் போகிறதும் வருகிறதும் மட்டும்.

காலத்தைக் கடலோடு பொருத்தி வையுங்கள். ஏப்ரல் 15-க்கு முன்பே மூன்று நாள் எடைச் சோதனையை முடித்துவிடுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் போகத் தொடங்கியதும் இரண்டு மாதம் கரை விலையைக் குறியுங்கள். தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் மீன் வரத்து அதிகமாக இருக்கும். அந்த வாரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆகஸ்டு நடுவில் இரண்டாவது கேட். அது திறந்தால் மாதக் கடைசிக்குள் 40 பாக்கெட் அலமாரியில் இருக்க வேண்டும். மழை மாதங்கள் முழுக்க அவை சோதனையில் இருக்கும், ஈரக்காற்று உறையைச் சோதிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஜனவரி கடைசியில் மூன்றாவது கேட். பிப்ரவரி முதல் மார்ச் நடுவுக்குள் புதிதாகக் காயவைத்த சரக்கை 100 குடும்பத்துக்கு விற்று, 45 நாள் எண்ணி, ஏப்ரல் கடைசியில் நான்காவது. எல்லாம் திறந்தால் ஜூன் 15-க்குப் பிறகு முழு அளவில் காயவைக்கத் தொடங்கலாம். அந்தச் செப்டம்பர் கடைசிக்குள் மழை மூன்று மாதத்துக்கு 900 பாக்கெட், அதாவது 180 கிலோ, கையிருப்பில் இருக்க வேண்டும். அதில் 90,000 ரூபாய் முடங்கும். ஒதுக்கிய இரண்டரை லட்சத்திலிருந்து அதை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.